பக்கத்தின் அடியில் தனியாக நிற்கும் தலைப்பு: என்டர் தட்டாமல் சரிசெய்வது எப்படி?

இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போறேன். ஒரு பக்கம் முடியுது. கடைசி வரியில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு இருக்கு. அதுக்குக் கீழே ஒண்ணுமே இல்லை. அந்தத் தலைப்புக்கு உரிய விஷயம் அடுத்த பக்கத்தில் ஆரம்பிக்குது. படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பும்போது இது எதைப் பற்றியதுன்னு மறந்துடுவார். புத்தகம், ஆய்வேடு, சங்கத்தின் ஆண்டறிக்கை, கோயில் விழா மலர்னு எதில் வந்தாலும் இது பார்த்தவுடனே தெரியும் குறை.

நான் தேனியில் டி.டி.பி. வேலை செய்றேன். மார்ச், ஏப்ரல் வந்தா கல்லூரி புராஜெக்ட்தான் முக்கால்வாசி வேலை. போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைங்க வருவாங்க. கோப்பு பென் டிரைவில் வரும், இல்லைன்னா வாட்ஸப்பில் வரும். நாலு காப்பி எடுத்து, பைண்டிங் போட்டு, அன்னைக்கு சாயங்காலமே கொண்டுபோகணும். கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர் இருக்கு. பைண்டிங் முடிஞ்ச பிறகு ஏழாம் பக்கத்தில் தலைப்பு தனியா நிக்குதுன்னு துறைத்தலைவர் திருப்பி அனுப்பினால், அது ஒரு பக்கத்தை மாற்றுகிற வேலை இல்லை. நாலு காப்பியையும் பிரிச்சு, திரும்ப அச்செடுத்து, திரும்பத் தைக்கணும். மறுபடி பஸ் ஏறணும்.

இதுக்கு எல்லாரும் செய்யும் வைத்தியம் ஒண்ணு இருக்கு. தலைப்புக்கு முன்னால் கர்சரை வச்சு, அது அடுத்த பக்கம் போகும்வரை என்டர் தட்டுறது. அந்த நிமிஷம் சரியாத்தான் இருக்கும். அது ஏன் நிக்காது, அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு பார்ப்போம்.

என்டர் ஏன் நிலைக்காது

ஒரு உதாரணத்தை எடுத்துக்குவோம். கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிய ஒரு புராஜெக்ட். ஏழாம் பக்கத்தில் பன்னீர் திராட்சை பற்றி எழுதியிருக்கு. அது முடிஞ்சதும் ‘முல்லைப் பெரியாறு அணை’ன்னு அடுத்த தலைப்பு. 1895-இல் அணை கட்டி முடிந்ததும், சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்ததும் அதுக்குக் கீழே வரும்.

தாள் ஏ4. மேலேயும் கீழேயும் ஒவ்வொரு அங்குலம் ஓரம். மீதி உயரம் சுமார் 698 பாயின்ட். ஒரு வரிக்கு 20 பாயின்ட் கொடுத்திருக்கோம்னு வச்சுக்கங்க. அப்போ ஒரு பக்கத்துக்கு 34 வரி வரும். தலைப்புக்கு மேலே 12 பாயின்ட் இடைவெளி, தலைப்பு வரி 20, கீழே 6. ஆக, தலைப்பு பிடிக்கும் இடம் 38 பாயின்ட்.

முதலில் திராட்சைப் பகுதி 30 வரி இருந்தது. அது 600 பாயின்ட். மீதி 98. தலைப்பு 38 எடுத்தது போக, இன்னும் மூணு வரிக்கு இடம் இருக்கு. தலைப்பும் அதன் கீழே மூணு வரியும் இந்தப் பக்கத்திலேயே அழகா உட்கார்ந்தது.

அப்புறம் வழிகாட்டி ஆசிரியர், ‘கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அதைச் சேர்த்துக்கம்மா’ன்னு சொல்றார். சேர்த்தா மூணு வரி கூடுது. இப்போ 33 வரி, 660 பாயின்ட். மீதி 38. தலைப்புக்கு மேலே இருக்கிற இடைவெளியும் தலைப்பு வரியும் சேர்த்து 32. அது உள்ளே நுழைஞ்சிடும். அதுக்குக் கீழே ஒரு வரிக்குக்கூட இடம் இல்லை. அணைத் தலைப்பு அடியில் தனியா நிக்குது.

பொண்ணு இரண்டு தடவை என்டர் தட்டுது. தலைப்பு எட்டாம் பக்கம் போயிடுச்சு. ஆனா அந்த இரண்டு காலி வரியும் கோப்புக்குள்ளேயே இருக்கு. நாளைக்கு வேறொரு வாக்கியத்தை எடுத்தாலோ சேர்த்தாலோ, அந்தக் காலி வரிகள் பக்கத்தின் நடுவிலோ, அடுத்த பக்கத்தின் தலையிலோ வந்து நிற்கும். எண்பது பக்கக் கோப்பில் இப்படி இருபது இடம் இருந்தால், ஒண்ணைச் சரிசெய்யும்போது அதற்குப் பின்னால் இருக்கிற பத்தொன்பதும் கலையலாம்.

எழுத்தை மாற்றாமலேயும் இது கலையும். அதுதான் எங்க கடையில் அதிகம் நடக்கிறது. கோப்பு லதா எழுத்துருவில் அடிச்சிருப்பாங்க. பழைய விண்டோஸில் லதா தானாகவே இருந்தது. விண்டோஸ் 10 வந்தபோது லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருக்கள் பட்டியலுக்குப் போயிட்டது. தனியா நிறுவினால்தான் வரும். அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் நிர்மலா மாதிரி வேற எழுத்துருவில் காட்டும். எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலம் மாறும், அதனால் வரி உடையுற இடம் மாறும். வரி உயரத்தைக் கட்டிப்போடாமல் விட்டிருந்தால் அதுவும் மாறும். வீட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்த தலைப்பு கடையில் ஏழாம் பக்கத்தின் அடியில் இருக்கும்.

அதனால நமக்கு வேண்டியது ‘இந்தத் தலைப்பு எட்டாம் பக்கத்தில் இருக்கணும்’ என்பது இல்லை. ‘எந்தப் பக்கமா இருந்தாலும், தனக்குக் கீழே இருக்கிற பத்தியை விட்டு இது பிரியக் கூடாது’ என்பதுதான். வேர்டில் அதைச் சொல்றதுக்கு ஒரு பெட்டி இருக்கு.

அந்தப் பெட்டி எங்கே இருக்கு

தலைப்பு வரியில் கர்சரை வையுங்க. `Home` பட்டையில் `Paragraph` பகுதியின் வலது கீழ் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஒரு சாளரம் திறக்கும். அதில் இரண்டாவது தாவல் `Line and Page Breaks`. அங்கே நாலு பெட்டி வரிசையா இருக்கும். நமக்கு முக்கியம் இரண்டு: `Widow/Orphan control`, `Keep with next`.

`Keep with next` என்றால், ‘இந்தப் பத்தியும் அடுத்த பத்தியும் ஒரே பக்கத்தில் சேரணும்’ என்று பொருள். அடுத்த பத்தி முழுவதும் வரணும்னு இல்லை. அதன் ஆரம்பம் வந்தால் போதும்.

எவ்வளவு ஆரம்பம் என்பதை `Widow/Orphan control` முடிவு செய்யும். ஒரு பத்தியின் முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தங்கி, மீதி அடுத்த பக்கம் போனால் அந்த வரியை ஆங்கிலத்தில் ஆர்ஃபன் என்பார்கள். பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் போய் நின்றால் அது விடோ. நாம இரண்டையும் ஒற்றை வரின்னே சொல்லிக்கலாம். இந்தப் பெட்டியில் டிக் இருந்தால், ஒரு பத்தி உடையும்போது இந்தப் பக்கம் குறைந்தது இரண்டு வரி, அந்தப் பக்கம் குறைந்தது இரண்டு வரி இருக்கும்படி வேர்டு பார்த்துக்கும்.

இதிலிருந்து ஒரு கணக்கு வருது. நாலு வரிப் பத்தி இரண்டும் இரண்டுமாக மட்டும்தான் உடையும். மூணு வரிப் பத்தி உடையவே உடையாது. எங்கே வெட்டினாலும் ஒரு பக்கம் ஒற்றை வரி வந்துடும் இல்லையா, அதனால் முழுசா நகரும்.

இப்போ நம்ம ஏழாம் பக்கத்துக்கு வருவோம். அணைத் தலைப்புக்கு `Keep with next`, கீழே இருக்கிற பத்திக்கு `Widow/Orphan control`. தலைப்புக்கு 38, இரண்டு வரிக்கு 40, மொத்தம் 78 பாயின்ட் இடம் இருந்தால்தான் தலைப்பு இந்தப் பக்கத்தில் தங்கும். இருக்கிறது 38. அதனால தலைப்பு தானாகவே எட்டாம் பக்கம் போயிடும். ஏழாம் பக்கத்தின் அடியில் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வெள்ளையா இருக்கும், யார் கண்ணிலும் படாது. நாளைக்கு அந்தப் புவிசார் குறியீடு வரிகளை எடுத்துட்டால், தலைப்பு தானாகவே ஏழாம் பக்கத்துக்குத் திரும்பி வந்துடும். யாரும் கை வைக்க வேண்டாம்.

டிக் போட்டும் வேலை செய்யலைன்னா

‘அண்ணே, நீங்க சொன்னதைப் போட்டேன், அப்படியேதான் நிக்குது’ன்னு வருவாங்க. பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான். தலைப்புக்கும் பத்திக்கும் நடுவில் இடைவெளி வேணும்னு ஒரு காலி வரி விட்டிருப்பாங்க.

நம்ம கண்ணுக்கு அது இடைவெளி. வேர்டுக்கு அது ஒரு பத்தி. என்டர் தட்டினால் ஒரு பத்தி பிறக்கும், அதில் எழுத்து இருந்தாலும் இல்லாட்டாலும். `Keep with next` தலைப்பை ‘அடுத்த பத்தி’யோடு கட்டும்னு சொன்னேன். அடுத்த பத்தி இந்தக் காலி வரிதான். தலைப்பையும் காலி வரியையும் ஒரே பக்கத்தில் வச்சுட்டு, சொன்ன வேலையை முடிச்சுட்டேன்னு வேர்டு நினைச்சுக்கும். உண்மையான பத்தி அடுத்த பக்கத்தில் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க `Home` பட்டையில் ¶ பொத்தானை அழுத்துங்க. `Ctrl+Shift+8` அழுத்தினாலும் சரி. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ¶ குறி தெரியும். எழுத்தே இல்லாத வரியில் ¶ மட்டும் நின்றால் அது காலிப் பத்தி. அதை அழிச்சிட்டு, இடைவெளியைத் தலைப்புக்குள்ளேயே வையுங்க. அதே `Paragraph` சாளரத்தின் முதல் தாவலில் `Spacing` கீழே `Before`, `After` இருக்கும். `Before` 12, `After` 6 கொடுத்தால் நம்ம உதாரணம் மாதிரி வரும்.

கோப்பு முழுக்க காலி வரிகள் இருந்தால் ஒவ்வொண்ணா அழிக்க வேண்டாம். முகப்புப் பக்கம், சான்றிதழ்ப் பக்கம் இதையெல்லாம் விட்டுட்டு, இயல்களை மட்டும் தேர்ந்தெடுத்துக்கங்க. முகப்பில் அந்தக் காலி வரிகளை வச்சுத்தான் பேரை நடுவில் நிறுத்தியிருப்பாங்க, அங்கே கை வச்சால் கலைஞ்சிடும். பிறகு `Ctrl+H` அழுத்தி இப்படிக் கொடுங்க:

```
Find what:     ^p^p
Replace with:  ^p
```

`Replace All` ஒரு தடவை கொடுத்தால் இரண்டு என்டர் ஒன்றாகும். மூணு, நாலு என்டர் இருந்த இடங்களில் இன்னும் மிச்சம் இருக்கும். மாற்ற ஒன்றும் இல்லைன்னு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அழுத்துங்க. தேர்ந்தெடுத்த பகுதிக்கு வெளியேயும் தேடவான்னு கேட்டால் வேண்டாம்னு சொல்லிடுங்க. பத்திகளுக்கு நடுவே இடைவெளி வேணும்னா அதையும் `After`-இல் கொடுத்துடலாம்.

ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியா போடணுமா?

வேண்டாம். வேர்டில் `Heading 1`, `Heading 2` என்று தயாராக இருக்கும் ஸ்டைல்களில் `Keep with next` ஏற்கெனவே போட்டே வரும். சாதாரணப் பத்திக்கான `Normal` ஸ்டைலில் `Widow/Orphan control` போட்டே வரும். அதாவது, தலைப்பை ஸ்டைல் வச்சு அடிச்சவங்களுக்கு இந்தப் பிரச்சினையே அநேகமா வராது. தலைப்பை `Normal`-இல் அடிச்சு, `B` பொத்தானை அழுத்தி, எழுத்தைப் பெரிசு பண்ணினவங்களுக்குத்தான் வரும். நம்ம கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது கொஞ்சம் தடிமனான ஒரு வரிப் பத்தி, அவ்வளவுதான்.

ஸ்டைலை ஏன் போடலைன்னு கேட்டால், ‘அது நீலக் கலர்ல வருதுண்ணே, எழுத்தும் மாறிடுது’ன்னு சொல்வாங்க. நியாயம்தான். ஆனா அதை ஒரே தடவை மாற்றிக்கலாம். `Styles` வரிசையில் `Heading 2` மேல் வலது கிளிக் பண்ணி `Modify` போங்க. கீழே `Format` பொத்தானில் `Font` எடுத்து நிறத்தைக் கறுப்பாக்குங்க. அங்கே தமிழுக்கு ஒரு சங்கதி இருக்கு. வேர்டு தமிழை `Complex scripts` வகையில் சேர்க்கும். எழுத்துருவையும் அளவையும் அந்தப் பகுதியில் மாற்றினால்தான் தமிழுக்குப் பொருந்தும். மேலே லத்தீன் பகுதியில் மட்டும் மாற்றினால் ஆங்கில எழுத்துதான் மாறும். அப்புறம் அதே `Format` பொத்தானில் `Paragraph` போய் 12, 6 இடைவெளியைக் கொடுத்துடுங்க. கோப்பில் இருக்கிற எல்லா `Heading 2` தலைப்பும் ஒரே நேரத்தில் மாறிடும்.

அளவுக்கு மீறினால்

சிலர் இதைக் கேட்டதும் `Ctrl+A` போட்டு, கோப்பு முழுவதுக்கும் `Keep with next` போட்டுடுவாங்க. அப்படிச் செய்யாதீங்க. ஒவ்வொரு பத்தியும் அடுத்ததோடு கட்டப்பட்டால், எண்பது பக்கமும் ஒரே சங்கிலி. ஒரு பக்கத்துக்குள் அடங்காத சங்கிலியை வேர்டால் காப்பாற்ற முடியாது. அது கட்டளையை விட்டுட்டு, தனக்குத் தோதான இடத்தில் உடைக்கும். தலைப்பு மறுபடி அடியில் நிற்கும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சங்கிலியாக இருந்தாலும் தொல்லைதான். மொத்தமாக அடுத்த பக்கத்துக்குத் தாவி, முந்தின பக்கத்தில் அரைப்பக்கம் வெள்ளையா விட்டுடும்.

இதுக்கும் ஓர் அடையாளம் இருக்கு. ¶ குறிகள் தெரியும்போது, `Keep with next` போட்ட பத்தியின் இடது ஓரத்தில் ஒரு குட்டிக் கறுப்புச் சதுரம் தெரியும். திரையில் மட்டும் தெரியும், அச்சில் வராது. தலைப்புகளுக்குப் பக்கத்தில் மட்டும் அந்தச் சதுரம் இருந்தால் நல்லது. பத்திகளுக்கெல்லாம் வரிசையா இருந்தால், காரணம் இல்லாத வெள்ளை இடம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சிடும். அந்தப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து டிக்கை எடுத்துடுங்க.

அட்டவணை வரும் இடத்தில் மட்டும் சங்கிலியை நாமே போடலாம். தேனி மாவட்டத்தின் ஐந்து வட்டங்களை ஓர் அட்டவணையாகப் போட்டிருக்காங்கன்னு வைங்க: தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, உத்தமபாளையம், போடிநாயக்கனூர். மேல் வரிசையோடு சேர்த்து ஆறு வரிசை. ‘வருவாய் வட்டங்கள்’ என்ற தலைப்புக்கு `Keep with next` இருந்தால், அது அட்டவணையின் முதல் வரிசையோடுதான் சேரும். தலைப்பும் மேல் வரிசையும் அடியில் நிற்க, ஐந்து வட்டங்களும் அடுத்த பக்கம் போகலாம். அதனால் முதல் ஐந்து வரிசைகளையும் தேர்ந்தெடுத்து அவற்றுக்கும் `Keep with next` போடுங்க. ஆறாவதை விட்டுடுங்க. அதுக்கும் போட்டால், அட்டவணைக்குக் கீழே இருக்கிற பத்தியையும் சேர்த்து இழுக்கும். முப்பது நாற்பது வரிசை உள்ள பெரிய அட்டவணைக்கு இதைச் செய்யாதீங்க. அது ஒரு பக்கத்துக்குள் அடங்காது. முதல் இரண்டு மூன்று வரிசைக்குப் போட்டால் போதும்.

வேர்டு இல்லாதவங்களுக்கு

லிப்ரே ஆபீஸில் `Format`, பிறகு `Paragraph`, அதில் `Text Flow` தாவல். அங்கே `Keep with next paragraph` இருக்கும். ஒற்றை வரிக் கட்டுப்பாடு ஆர்ஃபனுக்கு ஒன்று, விடோவுக்கு ஒன்று எனத் தனித்தனியா இருக்கும். இரண்டு வரியா, மூணு வரியா என்று எண்ணும் கொடுக்கலாம். வேர்டில் அந்த வசதி இல்லை, அங்கே இரண்டுதான். கூகுள் டாக்ஸில் `Format`, பிறகு `Line & paragraph spacing`. அங்கே `Keep with next` என்றும் `Prevent single lines` என்றும் இருக்கும்.

கடைக்குக் கொண்டுவரும் முன்

எல்லாத்தையும் முடிச்சதும் `View` பட்டையில் `Multiple Pages` போட்டுப் பாருங்க. எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்குச் சின்னதாத் தெரியும், அது போதும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியை மட்டும் பார்த்துக்கிட்டே போங்க. தடித்த எழுத்தில் முடியும் பக்கம் இருந்தால் அங்கே நின்று, நடுவில் காலிப் பத்தி இருக்கா, தலைப்பு உண்மையில் ஸ்டைலில் இருக்கா என்று பாருங்க. தலைப்புகள் நகர்ந்திருப்பதால் பொருளடக்கத்தின் பக்க எண்களும் மாறியிருக்கும். வேர்டு தானாகப் போட்ட பொருளடக்கம் என்றால் அதற்குள் கர்சரை வச்சு `F9` அழுத்துங்க. கையால் அடிச்சது என்றால் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்கணும்.

கடைசியா பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவாங்க, வேர்டு கோப்பையும் கூடவே எடுத்துட்டு வாங்க. பி.டி.எஃப்.-க்குள் எழுத்துரு சேர்ந்தே வரும். உங்க வீட்டில் எந்த வரி எந்தப் பக்கத்தில் முடிஞ்சதோ, எங்க கணினியிலும் அங்கேயேதான் முடியும். ஏதாவது ஒரு வரி திருத்தணும்னா மட்டும் வேர்டு கோப்பைத் திறப்போம். அப்போ எழுத்துரு மாறி வரிகள் நகர்ந்தாலும், தலைப்புகள் தங்கள் பத்தியோடு சேர்ந்தே நகரும்.

அடுத்த எபிசோடில், முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் இயல்களுக்கு 1, 2, 3 எண்ணும் ஒரே கோப்பில் போடுவது எப்படின்னு பார்ப்போம்.